சவுதியிலிருந்து திரும்பிய கணவரும் வீட்டு மொய் நோட்டும்

கேள்வி: எனக்கு 40 வயது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். கல்யாணமாகி 19 வருஷம். அதில் 13 வருஷம் என் கணவர் சவுதியில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாச லீவில் வருவார். ஏழு மாசத்துக்கு முன்னால் ஒரேயடியாக முடித்துக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் வேறு ஆளாக இருக்கிறார். நாலரைக்கு எழுந்து தனக்கு மட்டும் டீ போட்டுக் குடித்துவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்தில் யாராவது படுத்தால் தூக்கம் வரவில்லை என்று தனிக் கட்டில். "அங்கெல்லாம் இப்படியா இருப்பாங்க" என்று நாளைக்குப் பத்துத் தடவை. சொந்தக்காரர்களுக்கு மொய் செய்வது தண்டம் என்கிறார். மூத்தவள் சடங்குக்கு நமக்கு வந்ததைத் திருப்பிச் செய்யாமல் எப்படி? இத்தனை வருஷம் அனுப்பிய பணத்துக்குக் கணக்குக் கேட்கிறார். மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஏன் போகிறாய் என்கிறார். 17 வயது மகளும் 12 வயது மகனும் எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். "என் வீட்டிலேயே நான் விருந்தாளி" என்று போன வாரம் கத்திவிட்டார். தினமும் ஃபோனில் அன்பாகப் பேசிய மனுஷன் எங்கே போனார்? உங்கள் பதிலை அவரிடம் காட்டலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பதின்மூன்று வருஷத்தில் ஆறு லீவு, லீவுக்கு இரண்டு மாதம். ஆக, சேர்ந்து இருந்தது மொத்தம் ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் லீவு வருஷம். பெட்டி பிரிப்பது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது, கறி எடுப்பது, கோயிலுக்குப் போவது, அப்புறம் ஏர்போர்ட். லீவில் வந்த மனுஷரிடம் நீங்கள் எதையும் மறுத்திருக்க மாட்டீர்கள், அவரும் எதற்கும் முகம் சுளித்திருக்க மாட்டார். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், கேஸ் தீர்ந்துபோய், பையனுக்குக் காய்ச்சல் அடிக்கும்போது ஒருவரோடு ஒருவர் எப்படி இருப்பது என்பது உங்கள் இருவருக்குமே இப்போதுதான் தெரியவருகிறது. பழைய வாழ்க்கையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தால் தினமும் ஏமாற்றம்தான் வரும். அவர் போனபோது உங்களுக்கு 27 வயது, மகளுக்கு நாலு வயது, மகன் பிறக்கவே இல்லை. திரும்பிப் போக அப்படி ஒரு வீடு இப்போது கிடையாது.

அவர் எந்த வேலையில் இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வளைகுடாவிலிருந்து திரும்பி என்னிடம் வருகிற ஆண்கள் சொல்லும் ரூம் வாழ்க்கை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஒரு அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். அடுக்குக் கட்டில். கீழ்க்கட்டில் கிடைத்தவர் அதைச் சுற்றி ஒரு போர்வையைத் திரையாகக் கட்டிக்கொள்வார். அந்த ஆறடிதான் அவருக்குச் சொந்தமான இடம். சமையலுக்கு முறை உண்டு, குளியலறைக்கு முறை உண்டு. தட்டைக் கழுவாமல் போட்டால் சண்டை வரும். இன்னொருவர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும்போது சத்தமாகப் பேசினால் சண்டை வரும். அதனால்தான் ஹெட்போன். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அதனால்தான் நாலரை மணி. தனக்கு மட்டும் டீ போடுவதும் பேசாமல் ஒதுங்கி உட்காருவதும் அந்த அறையில் நல்ல பழக்கங்கள். மற்றவரைத் தொந்தரவு செய்யாமல் பதின்மூன்று வருஷம் தள்ளியவர் அதே மரியாதையை இங்கேயும் காட்டுகிறார். நீங்கள் அதைப் பாசமில்லாமை என்று எடுத்துக்கொள்கிறீர்கள். நாலரை மணிக்கு எழுவது அநேகமாக மாறாது. அதை மாற்ற முயல வேண்டாம். "எனக்கும் ஒரு டம்ளர் போடுங்க, அஞ்சு மணிக்கு எழுந்துக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் தனியாகச் செய்கிற காரியத்தில் ஒரு ஆளுக்கு இடம் கேட்பது, அந்தக் காரியத்தை நிறுத்தச் சொல்வதைவிட எளிதாக நடக்கும்.

கட்டிலும் அப்படித்தான். பதின்மூன்று வருஷம் ஒற்றைக் கட்டிலில் தூங்கிய உடம்பு, பக்கத்தில் இன்னொரு ஆள் புரண்டால் விழித்துக்கொள்ளும். நீங்களும் இத்தனை வருஷம் பிள்ளைகளோடுதான் படுத்திருப்பீர்கள். ஒரே அறையில் இரண்டு கட்டில் இருக்கட்டும். தூங்கப் போவதற்கு முன் அரை மணி நேரம் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பேசுங்கள். நெருக்கம் அதற்குள்ளிருந்துதான் வரவேண்டும், அதற்கு நாள் குறிக்காதீர்கள். கூடவே ஒரு முழு உடல் பரிசோதனைக்கும் இருவரும் சேர்ந்து போய் வாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். வெயிலில் வேலை பார்த்துத் தண்ணீர் குறைவாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வருவது சகஜம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தெரியாமலே இருந்தால் அசதி, எரிச்சல், தாம்பத்தியத்தில் விருப்பமின்மை என்று வெளிப்படும். அது தெரியாமல் மனசைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

இப்போது அந்த "விருந்தாளி" பேச்சுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப ஆலோசகர், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தார். இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத ஒருவருடைய இடத்தைக் குடும்பம் என்ன செய்கிறது என்று பார்த்தார். ஆள் இல்லாமலே ஒருவர் வீட்டுக்குள் இருக்க முடியும், ஆள் எதிரில் இருந்தும் வீட்டுக்கு வெளியே இருக்க முடியும் என்பது அவர் கண்டது. குடும்பத்தை வதைப்பது, யார் எந்தப் பொறுப்பில் உள்ளே இருக்கிறார், எதில் வெளியே இருக்கிறார் என்று தெரியாத அந்த இரண்டுங்கெட்டான் நிலை. உங்கள் வீட்டில் அவர் இல்லாமலே எல்லாம் நடக்கும்படி நீங்கள் பழக்கிவிட்டீர்கள். பழக்கியதால்தான் குடும்பம் நின்றது. அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அவருக்கு என்று ஒரு காலி இடம் கூட மிச்சமில்லை என்பதும் உண்மை.

இந்த இடத்தில் மனைவிமார் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, "இனி எல்லாம் நீங்களே பார்த்துக்கங்க" என்று மொத்தமாகக் கைகழுவுவது. விவரம் தெரியாமல் பொறுப்பு மட்டும் வந்தால், அவர் சூபர்வைசர் மாதிரி அதட்டத்தான் செய்வார். இன்னொன்று, பால் வாங்கி வாங்க, பில் கட்டிட்டு வாங்க என்று எடுபிடி வேலை கொடுப்பது. அது விருந்தாளி என்ற எண்ணத்தை இன்னும் உறுதிப்படுத்தும். இரண்டும் வேண்டாம். ஒரே ஒரு பொறுப்பை, முடிவெடுக்கும் உரிமையோடு முழுசாகக் கொடுங்கள். மகனின் படிப்பைக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. டியூஷன் வேண்டுமா, யாரிடம், எத்தனை மணிக்கு, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் யார் போவது என்று எல்லாமே அவர் கையில். கொடுக்கும்போது ஒரு மாலை உட்கார்ந்து, வாத்தியார் யார், பையனுக்கு எந்தப் பாடம் வராது, ஃபீஸ் எப்போது கட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். அதற்குப் பிறகு ஆறு வாரம் வாயைத் திறக்காதீர்கள்.

இதில்தான் காரியம் கெடும். மூன்றாவது நாளே அவர் டியூஷன் நேரத்தை மாற்றுவார், பையன் உங்களிடம் வந்து அழுவான், நீங்கள் "அவனுக்கு அந்த நேரம் ஒத்துவராதுங்க" என்பீர்கள். அத்தோடு பொறுப்பு உங்களிடம் திரும்பி வந்துவிடும், அவரும் ஹெட்போனுக்குத் திரும்பிவிடுவார். பையனிடம் "அப்பாகிட்ட சொல்லு" என்பதோடு நிறுத்துங்கள். அவன் அடுத்த தடவை நேராக அப்பாவிடம் போகிறானா என்று பாருங்கள். அவர் உள்ளே வந்துவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம். இந்த வழியை மகளிடம் பயன்படுத்தாதீர்கள். 17 வயதுப் பெண்ணுக்குக் காலேஜ், ஹாஸ்டல், தோழி வீடு என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கும். அது தெரியாதவரிடம் "அப்பாவைக் கேள்" என்று அனுப்பினால், பயத்தில் வேண்டாம் என்றுதான் சொல்வார். அவள் காரியங்களை முதல்நாள் ராத்திரியே நீங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டு, அவளுக்கு ஒரே பதிலாகச் சொல்லுங்கள்.

மொய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் இருவரின் மனசும் எங்கே பிரிந்தது என்பது அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. உங்களுக்கு மொய் கடன், அவருக்கு அது தண்டம். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு ரியாலையும் எண்ணி அனுப்பியவர் அவர். அந்தப் பணம் மண்டப வாசலில் டேபிள் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் போகிறது என்றால் எரியத்தான் செய்யும். நீங்களோ பதின்மூன்று வருஷம் அந்தச் சொந்தக்காரர்களை நம்பித்தான் ராத்திரியில் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள்.

கிட்டத்தட்ட உங்கள் நிலையில் இருந்த ஒரு தம்பதி செய்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் குவைத்திலிருந்து திரும்பியவர். மொய் நோட்டை எடுத்து இருவரும் பாயில் உட்காருங்கள் என்று சொன்னேன். வாதம் கூடாது, வாசிக்க மட்டும் வேண்டும். மனைவி ஒவ்வொரு பெயராக வாசித்து அது யார், எப்போது என்ன உதவி செய்தார்கள் என்று ஒரு வரி சொல்வார். கணவர் பென்சிலால் குறி போடுவார். திருப்பிச் செய்தாகிவிட்டது என்றால் ஒரு கோடு, பாக்கி என்றால் வட்டம். பாதி நோட்டில் அவரோடு குவைத்தில் ஒரே ரூமில் இருந்த நண்பரின் வீட்டுப் பெயர் வந்தது. 5,000 ரூபாய். நண்பர் அங்கே இருக்க, அவருடைய வயசான அப்பா பஸ் பிடித்து வந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்த நண்பரின் தங்கை கல்யாணத்துக்கு இவர்கள் வீட்டிலிருந்து இன்னும் செய்யவில்லை என்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நண்பருக்கு ஃபோன் போட்டார்.

அன்றைக்கு நோட்டில் வட்டம் போட்டது எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய் பாக்கி வந்தது. ஒரே நாளில் கொடுக்க வேண்டிய பணம் இல்லை இது. அவரவர் வீட்டு விசேஷம் வரும்போதுதான் போகும். வருஷத்துக்கு ஏறக்குறைய 24,000 என்று போட்டுக்கொண்டு, மாதம் 2,000 தனியாக எடுத்து வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "இதுக்கு முடிவே கிடையாதா?" முடிவு அந்த வழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. நமக்கு 2,000 செய்தவருக்கு நாம் 3,000 செய்தால் 2,000 கடன் தீர்ந்தது, மேலே செய்த 1,000 புதுக்கணக்காக ஓடும். வந்ததை மட்டும் அப்படியே திருப்பிச் செய்தால் கணக்கு முடிந்தது என்று பல ஊர்களில் பொருள். ஆகவே யாரோடு கணக்கைத் தொடர்வது, யாரோடு முடிப்பது என்று இருவரும் உட்கார்ந்து பெயர் பெயராகத் தீர்மானித்தார்கள். பத்துப் பன்னிரண்டு வீட்டுக்குக் கூடுதலாகச் செய்வது, மற்றவர்களுக்கு வந்ததைத் திருப்பிவிடுவது என்று முடிவாயிற்று. வாங்கிய கடனைத் திருப்புவதில் அவருக்கு மறுப்பே இல்லை, முடிவில்லாமல் ஓடுவதைத்தான் அவர் எதிர்த்தார். ரூமில் மாசாமாசம் மெஸ் கணக்குப் பிரித்துத் தீர்த்தவருக்கு இந்தப் பேச்சு உடனே புரியும். உங்கள் வீட்டுக்காரருக்கும் புரியும் என்று நம்புகிறேன். மூத்தவள் சடங்கை அவர் நேரில் பார்த்தாரா தெரியவில்லை. பார்க்கவில்லை என்றால், அந்த நோட்டைப் புரட்டும்போதுதான் அந்த விசேஷத்துக்குள்ளேயே அவர் முதல் தடவையாக நுழைவார்.

அனுப்பிய பணத்துக்குக் கணக்குக் கேட்பது உங்களை எவ்வளவு புண்படுத்தும் என்று தெரிகிறது. மாதச் சம்பளம் நின்றுபோன பயம் பல ஆண்களுக்குக் கணக்குக் கேட்பதாகத்தான் வெளியே வரும். தினமும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லாதீர்கள், அது விசாரணை ஆகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாஸ்புக், நகைக்கடன் ரசீது, வீடு கட்டிய செலவு, ஃபீஸ் ரசீது என்று இருக்கிற எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்து வையுங்கள். கிடைக்காத ரசீதைக் கிடைக்கவில்லை என்றே சொல்லுங்கள். கையில் என்ன இருக்கிறது, மாசம் எவ்வளவு வேண்டும், எத்தனை மாசம் தாங்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பேச்சு போன காலத்திலிருந்து வரப்போகிற காலத்துக்குத் திரும்பினால் அது பயம், தணியும். ரசீதைப் பார்த்த பிறகும் அண்ணன் தம்பியிடம் விசாரிப்பது, ஏடிஎம் கார்டைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்கே கையேந்த வைப்பது என்று போனால் அது வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன். இதோடு பேங்க் வேலை ஒன்றும் இருக்கிறது. அவர் பெயரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ கணக்கு இருந்தால், நிரந்தரமாகத் திரும்பியவுடன் அதை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும் என்பது விதி. அதன் வட்டிக்கு இருந்த வரிவிலக்கும் தொடராது. ஏழு மாசம் ஆகிவிட்டது, இருவரும் சேர்ந்தே போய் மேனேஜரைப் பாருங்கள்.

"அங்கெல்லாம் இப்படியா" என்ற பேச்சுக்கு ஒவ்வொரு தடவையும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் இருவரும் மட்டும் இருக்கும்போது சொன்னால், "அங்க எப்படிச் செய்வாங்க?" என்று நிஜமாகவே கேளுங்கள். பதின்மூன்று வருஷத்துக் கதை அவருக்குள் யாரும் கேட்காமல் கிடக்கிறது. ஃபோனில் அவர் உங்களுக்குச் சொன்னது நல்ல செய்தி மட்டும்தான். காயம் பட்டதையும் சம்பளம் தள்ளிப்போனதையும் சொல்லியிருக்க மாட்டார். நீங்களும் மாமியாரோடு நடந்த சண்டையையும் பையன் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் மறைத்திருப்பீர்கள். அந்த ஃபோன் மனுஷன் எங்கும் போய்விடவில்லை, ஆனால் அவர் பாதிதான். மீதியையும் இப்போதுதான் பார்க்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் கைவந்தது ராத்திரி அரை மணிநேரப் பேச்சு. அந்த நேரத்தை விடாதீர்கள். முகத்துக்கு நேரே பேச வராவிட்டால் சாப்பிட்டுவிட்டு ரோட்டோரமாக நடந்துகொண்டே பேசுங்கள். ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். பிள்ளைகள் முன்னாலும் உங்கள் சொந்தக்காரர் முன்னாலும் அந்த ஒப்பீடு வந்தால் மட்டும், அன்று ராத்திரி நடக்கும்போது நேராகச் சொல்லுங்கள்: "இன்னைக்குச் சித்தி முன்னாடி அப்படிச் சொன்னது எனக்கு அவமானமா இருந்துச்சு. தனியா இருக்கும்போது சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

மகளிர் குழுவை விட்டுக்கொடுக்காதீர்கள். சமாதானத்துக்காகக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். அவர் இல்லாத காலத்தில் உங்களைத் தாங்கியது அது. இந்த மனவருத்தத்தை நீங்கள் வெளியே சொல்லக்கூடிய இடமும் அநேகமாக அதுதான். கூட்டம் என்றால் வம்புப் பேச்சு என்று அவர் நினைக்கலாம். தீர்மானப் புத்தகத்தையும் உள்கடன் கணக்கையும் ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். கணக்கு பிடித்த மனுஷராகத் தெரிகிறார், பார்ப்பார். பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்காமலே இருக்கட்டும். எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டியதில்லை.

ஒரு வருஷம் கொடுங்கள். அவர் இந்த வீட்டில் பள்ளி திறப்பு, ஆடி, தீபாவளி, மழைக்காலம், பொங்கல், பரீட்சை என்று ஒரு முழு வருஷத்தைத் தொடர்ந்து பார்த்துப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. ஒரு சுற்று முடியாமல் எதையும் தீர்மானிக்காதீர்கள்.

காத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. தூக்கமே இல்லை, சாப்பாடு குறைகிறது, குடி கூடுகிறது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற பேச்சு வருகிறது என்றால், உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், நீங்கள் மட்டும் அழைத்தும் யோசனை கேட்கலாம். கை ஓங்குவது, பணத்தை முழுக்கப் பிடுங்கிக்கொள்வது, வெளியே போகவிடாமல் தடுப்பது இவற்றில் எது நடந்தாலும், வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181-க்கு அழையுங்கள்.

கடைசியாக, இதை அவரிடம் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். காட்டலாம், ஆனால் முதலில் இதை நீட்டாதீர்கள். தன் வீட்டுக் கதையை முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதியிருக்கிறாள் என்பதுதான் அவர் கண்ணில் முதலில் படும். மொய் நோட்டோடு ஒரு மாலை உட்கார்ந்து எழுந்த பிறகு, "எனக்கு வழி தெரியாம எழுதிக் கேட்டேன்" என்று வாயால் சொல்லிவிட்டு, அப்புறம் கொடுங்கள். அவர் எனக்குத் தனியாக எழுத விரும்பினால் எழுதச் சொல்லுங்கள். அவர் பக்கத்தையும் கேட்கத் தயாராக இருக்கிறேன், அதற்குத் தனியாகவே பதில் எழுதுவேன்.